கல்யாணப் பதிவுச் சான்றில் இன்ஷியல்: பாஸ்போர்ட்டிலும் பேங்கிலும் மாட்டின அனுபவங்களைப் போடுங்க

காரைக்குடி இ-சேவை
எங்க கவுண்டருக்கு வந்த ஒரு சான்று. பெயர்களை மாத்தியிருக்கேன், சிக்கல் அப்படியே இருக்கு. கணவர் AR ALAGAPPAN, அவர் தகப்பனார் ARUNACHALAM. மனைவி VALLIAMMAI, தகப்பனார் MUTHIAH. கல்யாணத் தேதி, இடம், பதிவு எண், பதிவான தேதி எல்லாம் சரி. அந்தப் பெண் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கணும். கணவரோட பாஸ்போர்ட்டைப் புரட்டினா, `Given Name` AZHAGAPPAN, `Surname` ARUNACHALAM.

பாஸ்போர்ட் ஆபீஸ்ல சான்றின் மேல் விரலை வச்சு "இந்த ஏஆர் யாரு?"ன்னு கேட்டாங்களாம். நம்ம பக்கத்தில் ஏஆர்னா அருணாசலம்னு சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனா அந்த நாற்காலியில் இருக்கிறவர் ஊகம் பண்ணக் கூடாது. பாஸ்போர்ட்டில் இன்ஷியலே கிடையாது, விரிச்சுத்தான் எழுதணும்.

இதில் ரெண்டு வேறுபாடு இருக்கு, ரெண்டும் ஒண்ணு இல்லை. ஏஆருக்குப் பதில் அதே சான்றில் இருக்கு: தகப்பனார் பெயர்க் கட்டம். அதைக் காட்டினதும் கேள்வி அடங்கிருச்சு. L-க்கும் ZH-க்கும் உள்ள வேறுபாட்டை விளக்க எந்தக் கட்டமும் இல்லை. அங்கேதான் திருப்பி அனுப்பிட்டாங்க.

கொப்புடையம்மன் துணை
அண்ணே, எதுக்கு இந்த அலைச்சல்? பாஸ்போர்ட்டுக்குக் கல்யாணச் சான்றே வேண்டாம்னு 2016 டிசம்பரிலேயே சொல்லிட்டாங்களே. இப்ப அனெக்சர் ஜேன்னு ஒரு உறுதிமொழி. ரெண்டு பேரும் சேர்ந்திருக்கிற போட்டோவை ஒட்டி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. எங்க சித்தப்பா மகளுக்கு அப்படித்தான் ஆச்சு. ரிஜிஸ்டர் பண்றதே வீண் செலவு.

காரைக்குடி இ-சேவை
முதல் பாதி சரி தம்பி. கடைசி வரி தப்பு. அனெக்சர் ஜே பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலோட சரி. அதைப் பேங்கில் நீட்டினா வாங்க மாட்டாங்க, வெளிநாட்டு விசாவுக்கும் உதவாது. அப்புறம், 24.11.2009-க்குப் பிறகு நடந்த எந்தக் கல்யாணத்தையும் தமிழ்நாட்டில் பதிஞ்சே ஆகணும், அது சட்டம். 90 நாளுக்குள் பதியலாம். அதைத் தாண்டினா இன்னும் 60 நாள், தாமதக் கட்டணத்தோட.

தேவகோட்டை ஆச்சி
எங்க நகரத்தார் வீட்டுக் கல்யாணத்துக்கு இசைபிடிமானம்னு கல்யாண ஒப்பந்த ஏடு எழுதி, ரெண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு, கோயில் மாலை வந்து, கோயில் கணக்கில் புது ஜோடியைப் புள்ளியாவும் சேர்த்தாச்சு. இதைவிட என்ன பத்திரம் வேணும்? பேத்தியோட பேங்குக்குப் போய் அந்த ஏட்டைக் கொடுத்தா கவுண்டர் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "இது எந்த ஆபீஸ் பாட்டி?"ங்கிறான்.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்
ஆச்சி, அந்தப் பையனைக் கோபிக்க வேண்டாம். கோயில் கணக்கு, சர்ச் பதிவேடு, ஜமாத் புத்தகம் எதில் எழுதியிருந்தாலும் அரசிடம் தனியாகப் பதிய வேண்டும் என்று 2009 சட்டமே சொல்கிறது. உங்கள் ஏடு கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி. பதிவுக்குப் போகும்போது அழைப்பிதழோடு அதையும் எடுத்துப் போங்கள்.

பேங்க் விஷயத்தில் பலருக்கும் குழப்பம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கணவனும் மனைவியும் ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கவோ, ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவோ கல்யாணச் சான்று தேவையில்லை. தனித்தனி அடையாள ஆவணம் போதும். கணவர் இறந்தபின் நாமினி இல்லாத கணக்கு என்றால் கேட்பது வாரிசுச் சான்று. கல்யாணச் சான்று அதன் இடத்தை நிரப்பாது.

அது உண்மையில் தேவைப்படுவது ஒரே இடத்தில்: ஆவணத்தில் ஒரு பெயர், இப்போது சொல்லும் பெயர் வேறு என்னும்போது. வாடிக்கையாளர் அடையாளத்தைச் சரிபார்க்கும் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிப்படி, பெயர் மாறியிருந்தாலும் பழைய ஆவணத்தை ஏற்கலாம்; ஆனால் மாநில அரசு தந்த கல்யாணச் சான்றோ கெஜட் அறிவிப்போ கூட இருக்க வேண்டும். அதோடு இன்னொரு வால்: அது அந்தப் பெயர் மாற்றத்தைக் காட்ட வேண்டும்.

இப்போது வள்ளியம்மை சான்றைப் பாருங்கள். அவர் "வள்ளியம்மை அழகப்பன்" ஆனார் என்று எந்தக் கட்டத்திலும் இல்லை. கல்யாணத்தன்று இருந்த பெயர்தான் இருக்கிறது. அதிகாரி இரண்டு பெயர்களைச் சேர்த்துப் படித்து, கணவர் பெயர் பின்னால் வந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். கணவர் பெயரைச் சேர்ப்பதோடு மாற்றம் நின்றால் பெரும்பாலும் நடந்துவிடும். வள்ளியம்மை என்பதையே வள்ளி என்று சுருக்கினாலோ, கல்யாண வீட்டில் வைத்த புதுப்பெயரைப் போட்டாலோ சான்று கைகொடுக்காது, கெஜட்தான்.

பொன்னமராவதி
சார் சொல்றது விதி. கவுண்டரில் நடக்கிறது வேற. ஒரு கிளையில் சான்றை வாங்கிக்கிட்டாங்க, இன்னொரு கிளையில் "பெயர் மாறினதா எங்கே எழுதியிருக்கு?"ன்னு கெஜட் கேட்டாங்க. ரெண்டும் ஒரே பேங்க்.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்
கேட்பார்கள். அந்த வாலை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் படிக்கிறார்கள். முதலில் சான்றைக் கொண்டு ஆதாரை மாற்றுங்கள், பிறகு பான், கடைசியில் பேங்க். புதுப்பெயரில் ஆதார் கையில் இருந்தால் வாக்குவாதம் பாதியாகக் குறையும். ஆனால் ஆதாரில் பெயரை ஆயுளுக்கு 2 முறைதான் மாற்றலாம். ஆகவே எழுத்தை முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

சிராங்கூன்காரர்
சிங்கப்பூருக்கு மனைவியை, குடும்பத்தாருக்குத் தர்ற டிபெண்டன்ட் பாஸில் அழைக்கிறவங்களுக்கு: இங்கே கல்யாணச் சான்று கட்டாயம், அனெக்சர் ஜேன்னா என்னன்னே தெரியாது. சான்றில் ரெண்டு தேதி இருக்கும். படிவத்தில் கேட்கிறது கல்யாணம் நடந்த தேதி. பலர் முத்திரை பக்கத்தில் இருக்கிற பதிவுத் தேதியைத் தட்டிடறாங்க, அப்புறம் விளக்கம் கேட்டு வருது. வெளிநாட்டில் செல்லுபடியாக ஒட்டுற அப்போஸ்டில் சான்று வேணும்னா அசல் சான்று முதலில் மாநில அரசு சரிபார்ப்புக்குப் போகும், அப்புறம்தான் வெளியுறவுத் துறை ஒட்டும். எழுத்துப்பிழையோட அதைப் பண்ணினா, திருத்தினதும் முதலிலிருந்து மறுபடி.

கொப்புடையம்மன் துணை
அப்ப அந்த அழகப்பன் என்னதான் பண்ணினார்? பாஸ்போர்ட்டை மாத்தினாரா, சான்றை மாத்தினாரா?

காரைக்குடி இ-சேவை
சான்றை. பாஸ்போர்ட்டில் மாத்தினா ரீ-இஷ்யூ. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், அதோட அதில் இருக்கிற விசா எல்லாம் பழைய எழுத்தில் நிக்கும். பதிஞ்ச அதே சார்பதிவாளர் ஆபீஸில் எழுத்துப்பிழைத் திருத்தம் கேட்டு மனு. கூட வைக்க வேண்டியது கல்யாணத்துக்கு முந்தின தேதி போட்ட ஆவணம்: பத்தாவது மார்க் ஷீட், பழைய பாஸ்போர்ட். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரை மட்டும் வச்சா "இப்ப மாத்திட்டு வந்து கேக்கறீங்களா?"ன்னு சந்தேகம் வரும். அவருக்கு மார்க் ஷீட்டிலும் ZH இருந்தது, அதனால் தப்பிச்சார்.

இனி பதியப் போறவங்க பதிவுத் துறையோட tnreginet தளத்தில் விண்ணப்பம் தட்டும்போது பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வச்சுக்கிட்டு, ரெண்டு தகப்பனார் பெயரையும் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. ஏஆர், பிஎல், எஸ்பின்னு ரெட்டை எழுத்து இன்ஷியல் இருந்தா விரிச்சே போடுங்க.

பொன்னமராவதி
எங்களுக்கு புதுக்கோட்டை மாவட்டம்கிறதால பாஸ்போர்ட்டுக்குத் திருச்சி, உங்களுக்கு மதுரை. பொண்ணு வீடு இங்கே, மாப்பிள்ளை வீடு தேவகோட்டை, கல்யாணம் காரைக்குடி. எங்கே பதியறது?

காரைக்குடி இ-சேவை
முன்னாடி கல்யாணம் நடந்த இடத்தில் மட்டும்தான். 2020 திருத்தத்துக்குப் பிறகு பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு எந்தப் பக்கமும் பதியலாம். திருத்தம்னு வந்தா அதே ஆபீஸுக்குத்தான் திரும்பப் போகணும், அதனால யாரு வீடு பக்கமோ அங்கே பதிஞ்சுக்குங்க.