பொண்ணோட வாட்ச் கணக்கு வகுப்புல அடிச்ச கதை

வேளச்சேரி அம்மா:
மூணாவது படிக்கிற பொண்ணுக்கு சிம் போடுற வாட்ச் வாங்கினோம். ஆப்புல பள்ளி நேரம் 8:30 முதல் 3:30 வரை சைலண்ட்னு வெச்சேன். ரெண்டாம் நாளே மிஸ் கூப்பிட்டுட்டாங்க. மதியம் 2 மணிக்கு, கணக்கு வகுப்பு நடுவுல, எங்க மாமியாரோட போன் வந்து வாட்ச் அலறியிருக்கு. அன்னைக்குக் காலைல 7:45க்கு வேன்ல ஏறிட்டாளான்னு நான் கூப்பிட்டா, லைனே போகல. வாட்ச்ல கோளாறா?

குமரன்_திருச்சி:
சிக்னல் பிரச்சினைதான். சிம்மை மாத்துங்க. டேட்டா பேக்கெல்லாம் வீண்செலவு, ஜிபிஎஸ்ஸுக்கு நெட்டே வேணாம்.

பழைய மெக்கானிக்:
சாட்டிலைட் சிக்னல் வாங்க நெட் வேணாம், அது சரி. ஆனா இருக்கிற இடத்தை உங்க போனுக்கு அனுப்ப நெட் வேணுமே? டேட்டா தீர்ந்தா, ஆப்புல இருக்கிற மேப்புல கடைசியா அனுப்பின இடத்துலயே புள்ளி நின்னுடும். பக்கத்துல போட்டிருக்கிற நேரத்தைப் பாருங்க, தெரிஞ்சுடும். கட்டடத்துக்குள்ள இருந்தா செல் டவரை வெச்சு ஒரு குத்துமதிப்புதான். என் பையன் ஒரு தடவை ஏரி நடுவுல நின்னான்!

வேளச்சேரி அம்மா, வாட்ச் சரியான மணி காட்டுதா?

வேளச்சேரி அம்மா:
ஐயோ, ஆமா! "அம்மா, இது தப்பு மணி"ன்னு முதல் நாளே சொன்னா. நான்தான் கண்டுக்கல.

பழைய மெக்கானிக்:
அதான். GMT+8ல, சீன நேரத்துல ஓடுது போல. நம்மது GMT+5:30, அது ரெண்டரை மணி நேரம் முந்தி. அதோட 8:30 நமக்குக் காலை 6, அதோட 3:30 நமக்கு மதியம் 1. அதனாலதான் உங்க போன் போகல, மாமியாரோடது அடிச்சுது. ஆப்புல டைம் ஸோனை மாத்திட்டு வாட்ச்சை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

சைலண்ட் நேரத்துல எஸ்ஓஎஸ் பட்டன் வேலை செய்யுதான்னு வீட்லயே அழுத்திப் பாத்துடுங்க. மாடலுக்கு மாடல் மாறும்.

நெல்லைத் தாத்தா:
நான் கூப்பிட்டா பேத்தி வாட்ச்ல எடுக்கவே மாட்டேங்குது. கோபமான்னு நெனச்சேன். பாத்தா, என் போன்ல ரெண்டு சிம். நம்பிக்கையான நம்பர் லிஸ்ட்ல ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணுல கூப்பிட்டா வெளியாள்னு வாட்சே கட் பண்ணிடுது!

சுமதி:
மறதி இருக்கிற எங்கம்மாவுக்கு இதைக் கட்டலாமா? தினமும் கழட்டி வெச்சுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

ஜெர்மனி வாசி:
சத்தமில்லாம வாட்ச் வழியா ஒட்டுக்கேக்கிற வசதி இருந்தா அணைச்சுடுங்க. அந்த வசதி இருக்கிற குழந்தை வாட்ச்சுகளை இங்க 2017லயே தடை பண்ணிட்டாங்க. வகுப்புல டீச்சர் பேசுறதைப் பெத்தவங்க கேட்டதும் ஒரு காரணம்.

வேளச்சேரி அம்மா:
டைம் ஸோன் மாத்தியாச்சு, நேத்து சத்தமே இல்ல. மாமனாரோட ரெண்டு நம்பரையும் சேர்த்துட்டேன். ஆனா கேமரா இருக்கிற வாட்ச்சே கூடாதுன்னு இப்போ டைரில எழுதி விட்டிருக்காங்க. ஆப்புல கேமராவை அணைச்சா ஒத்துக்குவாங்களா, திங்கக்கிழமை போய்க் கேக்கணும்.