படத்தில் உள்ள ஏழு கருவிகளில் ஐந்தின் பெயர் உறுதியாகவில்லை, உதவி வேண்டும்

நர்சிங் மாணவி, இரண்டாம் ஆண்டு:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் செய்முறைக் கூடத்தில் பச்சைத் துணியின் மேல் ஏழு கருவிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பெயரையும் அதை எப்படி அடையாளம் கண்டோம் என்பதையும் ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொன்னார்கள். நேரம் குறைவாக இருந்ததால் கைபேசியில் மேலிருந்து ஒரே ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை வரை கூடம் பூட்டியிருக்கும். முதலாவது பல் உள்ள டிசெக்டிங் ஃபோர்செப்ஸ், இரண்டாவது டவல் கிளிப். இவ்விரண்டிலும் எனக்குச் சந்தேகமில்லை.

மற்ற ஐந்தும் வாய் மூடிய நிலையில் உள்ளன. மூன்றாவதில் விரல் வளையங்களும் பூட்டும் இருக்கின்றன, வாய் நீளமானது, நுனியில் மட்டும் மிகச் சிறிய மேடு ஒன்று தெரிகிறது. நான்காவது ஏறக்குறைய அதே அளவு, ஆனால் வாய் குட்டையாகவும் தடிப்பாகவும் உள்ளது. ஐந்தாவது கத்தரி, அது நேரானதா வளைந்ததா என்று தெரியவில்லை. ஆறாவது மெல்லிய நீண்ட வாய் உடையது, அதன் வளையங்களுக்கு இடையே பூட்டே இல்லை. ஏழாவதன் நுனியில் நீள்வட்ட வளையம் இருக்கிறது, ஆனால் கைப்பிடி துணி மடிப்புக்குள் மறைந்துவிட்டது. நான் மூன்று, நான்கு, ஆறு ஆகிய மூன்றையும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்றே எழுதியிருக்கிறேன். அது சரியாக இருக்குமா?

இறுதியாண்டு மாணவர்:
தங்கையே, மூன்றும் ஆர்ட்டரி என்று எழுதினால் எக்ஸ்டர்னல் தேர்வாளர் ஒரு மதிப்பெண்ணும் தர மாட்டார். நுனியில் நீங்கள் பார்த்த மேடு பல்லாகத்தான் இருக்கும்; அப்படியானால் மூன்றாவது கோக்கர் ஃபோர்செப்ஸ். நான்காவதில் தங்க நிற வளையம் இல்லாததால் அது நீடில் ஹோல்டராக இருக்க முடியாது. குட்டையான ஆர்ட்டரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆறாவது பூட்டு உடைந்துபோன ஆர்ட்டரி. கல்லூரிக் கூடங்களில் பழைய கருவிகளைத்தானே வைக்கிறார்கள்.

அறுவை அரங்கு செவிலியர்:
தம்பி மூன்றாவதைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். மற்ற இரண்டிலும் அவருடைய காரணம் பொருந்தவில்லை.

தங்க நிற வளையம் என்பது வாயின் உட்பக்கத்தில் டங்ஸ்டன் கார்பைடு பட்டை பதித்திருக்கிறது என்பதற்கான குறியே தவிர, கருவியின் பெயரைச் சொல்வதில்லை. அத்தகைய பட்டை பதித்த கத்தரிக்கும் தங்க வளையம் உண்டு. பட்டை இல்லாத சாதாரண நீடில் ஹோல்டர் முழுவதும் வெள்ளியாகவே இருக்கும். எங்கள் அரங்கிலேயே இரண்டு வகையும் உள்ளன.

படத்தைக் கொண்டு கருவியை அறிய வேண்டுமானால் அளவை நம்பாதீர்கள். பக்கத்தில் ஸ்கேல் வைக்காத படத்தில் 12 சென்டிமீட்டர் கருவியும் 18 சென்டிமீட்டர் கருவியும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் நேர் மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு கருவியின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் உள்ள விகிதம் மாறாது. திரையில் ஒரு ஸ்கேலை வைத்து, மூட்டிலிருந்து நுனி வரை எவ்வளவு, நுனியிலிருந்து வளையம் வரை மொத்தம் எவ்வளவு என்று மூன்றாவதையும் நான்காவதையும் அளந்து இங்கே எழுதுங்கள்.

ஆறாவது உடைந்த கருவி அன்று. பூட்டு உடைந்திருந்தால் வளையங்களுக்கு மேலே இரு காம்புகளின் உட்புறத்திலும் பற்கள் இருந்த அடிக்கட்டையாவது தெரியும். அந்த இடம் வழுவழுப்பாக இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நர்சிங் மாணவி, இரண்டாம் ஆண்டு:
நன்றி சிஸ்டர். அளந்து பார்த்தேன். திரையில் மூன்றாவது மொத்தம் 9 சென்டிமீட்டர், மூட்டிலிருந்து நுனி வரை 3. நான்காவது மொத்தம் 9, மூட்டிலிருந்து நுனி வரை ஒன்றரை மட்டுமே. ஆறாவதன் காம்புகள் இரண்டும் உட்புறம் வழுவழுப்பாகவே இருக்கின்றன. உடைந்த தடயம் எதுவும் இல்லை.

அறுவை அரங்கு செவிலியர்:
அப்படியானால் நான்காவதை நீடில் ஹோல்டர் என்றே நான் சொல்வேன். ஊசியைத் திசு வழியாகத் தள்ளும்போது அது வாய்க்குள் சுழலாமல் இருக்க வேண்டும். அதற்குக் குட்டை வாயும் நீண்ட கைப்பிடியும் தேவை. நெம்புகோலின் வலிமை முழுவதும் வாயில் இறங்குவதற்காகவே அந்த அமைப்பு. ரத்தக்குழாயை மட்டும் பிடிக்கும் ஆர்ட்டரிக்கு அத்தனை அழுத்தம் தேவையில்லை. கூடம் திறந்ததும் வாயைத் திறந்து உட்பக்கத்தைப் பாருங்கள். ஆர்ட்டரியில் வரிகள் குறுக்காக, ஏணிப் படிகளைப் போல் ஒரே திசையில் ஓடும். நீடில் ஹோல்டரில் இரு திசையிலும் வெட்டிச் சென்று சிறு கட்டங்களாகத் தெரியும். சிலவற்றில் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளமும் இருக்கும். மூடிய வாயைப் படம் எடுத்தால் இந்த முக்கியமான அடையாளம் முழுவதும் மறைந்துவிடுகிறது.

மூன்றாவதும் அப்படியே. கோக்கரைத் திறந்தால் ஒரு நுனியில் ஒரு பல்லும் எதிர் நுனியில் அதை வாங்கிக்கொள்ள இரண்டு பற்களும் இருக்கும். மூடும்போது அவை ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதால் படத்தில் ஒரு சிறு மேடாக மட்டுமே தெரியும். மேடு தெரிகிறது என்பதாலேயே உறுதி செய்துவிடாதீர்கள். ஈரத்துளியோ ஒளித்தெறிப்போ அப்படிக் காட்டலாம். பிரசவ அறையில் பனிக்குடத்தை உடைக்க இதைப் பயன்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வேலை செய்வது அந்தப் பல்தான். அதே பல்லோடு குடலைப் பிடித்தால் துளை விழும். பெயரை மாற்றி எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ரெக்கார்டில் ஒரு வரி எழுதுங்கள்.

ஆறாவது சைனஸ் ஃபோர்செப்ஸ். சீழ்க்கட்டியைச் சிறிதாகக் கீறியபின், வாயை மூடியபடி உள்ளே செலுத்தி, உள்ளேயே விரித்துச் சீழை வெளியேற்றும் கருவி அது. விரிப்பதுதான் அதன் வேலை. எதையும் இறுகப் பிடித்து நிறுத்த வேண்டியதில்லை. அதனால் அதற்குப் பூட்டும் வைப்பதில்லை. திறந்து பார்த்தால் வரிகள் நுனியில் மட்டுமே இருக்கும்.

புதிதாய்த் தந்தையானவர்:
மன்னிக்கவும், என் மனைவிக்குக் கடந்த மாதம் ஃபோர்செப்ஸ் வைத்துத்தான் பிரசவம் நடந்தது. குழந்தையின் கன்னத்தில் தழும்பு போல ஒன்று இருக்கிறது. நீங்கள் பேசும் இந்தப் பல் உள்ள கருவியையா குழந்தையின் தலையில் வைத்தார்கள்?

அறுவை அரங்கு செவிலியர்:
இல்லை, ஐயா, கலங்காதீர்கள். பிரசவ ஃபோர்செப்ஸ் என்பது பெரிய கரண்டி போல வளைந்த இரண்டு தனித்தனிப் பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றாக வைத்துப் பிறகு இணைப்பார்கள். அதில் பல் கிடையாது. இங்கே பேசும் எதுவும் அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஒரு மாதமாகியும் தழும்பு மறையவில்லை என்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஸ்டெரிலைசேஷன் பிரிவு ஊழியர்:
எங்கள் பிரிவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு செட்டில் நேரான ஆர்ட்டரி ஆறு வைக்க வேண்டும். நான் வாய் மூடிய நிலையிலேயே எண்ணி வைத்ததில் கோக்கர் ஒன்று கலந்து அரங்குக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் திறந்து, நுனியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்த பிறகே அடுக்குகிறேன். நீராவி வாய்க்குள் புக வேண்டும் என்பதால் ஆட்டோகிளேவுக்குப் பூட்டைத் திறந்துதானே வைக்கிறோம். அதே வேளையில் பார்த்துவிட்டால் தனி நேரம் ஆகாது.

ஐந்தாவது கத்தரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வளைந்த கத்தரியைத் துணியில் படுக்க வைத்தால் வளைவு மேல்நோக்கி, அதாவது கேமராவை நோக்கி எழும்பும். மேலிருந்து எடுத்த படத்தில் அது நேர்க்கத்தரியாகவே தெரியும். நுனியின் நிழலைப் பாருங்கள். நேர்க்கத்தரியின் நிழல் நுனியோடு ஒட்டியிருக்கும். வளைந்ததன் நுனி துணியை விட்டு எழும்பியிருப்பதால் நிழல் சற்று விலகி விழும். காம்பில் பொறித்துள்ள எழுத்தைப் படித்தால் போதுமென்று சிலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் அது தயாரித்தவரின் பெயரும் எண்ணுமாகத்தான் இருக்கிறது.

இறுதியாண்டு மாணவர்:
பூட்டு உடைந்தது என்று நான் சொன்னது தவறு, ஏற்றுக்கொள்கிறேன். ஏழாவது ஸ்பாஞ்ச் ஹோல்டர் என்பதில் மட்டும் யாருக்கும் ஐயம் இருக்காது. நீள்வட்ட வளையம் வேறு எதற்கு உண்டு?

அறுவை அரங்கு செவிலியர்:
ஓவம் ஃபோர்செப்ஸுக்கும் உண்டு, தம்பி. ஸ்பாஞ்ச் ஹோல்டருக்குப் பூட்டும், வளையத்தின் உட்பக்கத்தில் வரிகளும் இருக்கும். பஞ்சு நழுவாமல் இருக்க இரண்டும் வேண்டும். ஓவம் ஃபோர்செப்ஸ் கருப்பைக்குள் தங்கிவிட்ட திசுவை எடுக்கப் போகிறது. அங்கே கருப்பைச் சுவரையே பிடித்துவிட்டால் பூட்டு விழுந்து நசுக்கிவிடக் கூடாது என்பதற்காகப் பூட்டும் வரிகளும் இல்லாமல் செய்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் வாய் மூடியிருக்கிறது, கைப்பிடியும் துணிக்குள் இருக்கிறது. அடையாளம் காட்டும் இரு இடங்களுமே மறைந்திருக்கும்போது நான் பெயர் சொல்ல மாட்டேன்.

நர்சிங் மாணவி, இரண்டாம் ஆண்டு:
இன்று கூடம் திறந்தது. மூன்றாவதைத் திறந்து பார்த்தேன்; ஒரு பக்கம் ஒரு பல், எதிர்ப்பக்கம் இரண்டு பற்கள். நான்காவதன் உட்பக்கம் சிறு சிறு கட்டங்களாக இருந்தது, நடுவே பள்ளமும் இருந்தது. சைனஸ் ஃபோர்செப்ஸின் வரிகள் நீங்கள் சொன்னபடி நுனியில் மட்டுமே உள்ளன. ஐந்தாவதன் நிழல் படத்தில் விலகித்தான் விழுந்திருக்கிறது. கையில் எடுத்தபோது தடித்த அலகுடைய வளைந்த மேயோ கத்தரியாக இருந்தது.

இம்முறை ஃபிளாஷை அணைத்து, கருவிகளை ஜன்னல் ஓரமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு படங்கள் எடுத்தேன்: ஸ்கேலுடன் முழுக் கருவி ஒன்று, திறந்த வாயின் உட்பக்கம் ஒன்று. ஃபிளாஷ் போட்டிருந்த முதல் படத்தில் வெள்ளையாக வெளிறிப்போயிருந்த வரிகள், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிகின்றன.

ஏழாவது மட்டும் தீரவில்லை. அலமாரியில் ஸ்பாஞ்ச் ஹோல்டரும் ஓவம் ஃபோர்செப்ஸும் அருகருகே இருக்கின்றன. அன்று துணியில் இருந்தது எது என்று எடுத்து வைத்த மேடத்துக்கும் நினைவில்லை. இரண்டையும் மூடி வைத்து, கைப்பிடியை மறைத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. ரெக்கார்டில் ஏழாவது இடத்தை வெறுமையாக விட்டு, இரண்டின் புதிய படங்களையும் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஸ்டெரிலைசேஷன் பிரிவு ஊழியர்:
அந்தப் பழைய படத்தில் துணி மடிப்பின் உயரத்தைப் பாருங்கள். மூடிய பூட்டு அடியில் இருந்தால் மடிப்பு அந்த இடத்தில் சற்றுப் புடைத்திருக்க வாய்ப்புண்டு.

அறுவை அரங்கு செவிலியர்:
துணியின் புடைப்பை வைத்துப் பெயர் எழுத நான் சம்மதிக்க மாட்டேன். அடியில் விரல் வளையம் இருந்தாலும் துணி புடைக்கும். வெறுமையாக விட்டது விட்டபடியே இருக்கட்டும். மேடம் கேட்டால், பூட்டும் வாயின் உட்பக்கமும் படத்தில் இல்லை என்று காரணத்தைச் சொல்லுங்கள்.