பொருள்: டிரான்ஸ்கிரிப்ட், சாப்டர், அப்புறம் அந்தப் பிழைக்கு ஒரு பெயர்

அனுப்புநர்: ஏரிக்கரை

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் வட்டாரத்து ஏரிப் பாசனம் பற்றி வயதானவர்களைப் பேசவைத்து வலையொலியாகப் போட்டுவருகிறேன். 14 பதிவுகள் ஆகிவிட்டன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணிநேரம். கலிங்கு பற்றி எந்தப் பதிவில் எத்தனையாவது நிமிடத்தில் பேசினார்கள் என்று யாராவது கேட்டால், நானே முதலிலிருந்து கேட்டுத்தான் சொல்லவேண்டியிருந்தது. அதனால் எல்லாவற்றையும் ஒரு மென்பொருளிடம் கொடுத்து எழுத்தாக்கி, பக்கத்தில் தேடல் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன்.

இப்போது மூன்று பெயர்கள் வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட், சாப்டர் மார்க்கர் இரண்டுக்கும் எழுத்துப்படி, பகுதிக்குறி என்று யோசித்திருக்கிறேன். மூன்றாவது, மென்பொருள் தப்பாகக் கேட்டு எழுதிவைப்பது. அதற்கு ஒன்றும் பிடிபடவில்லை.

---

அனுப்புநர்: விலங்கியல் டீச்சர்

டிரான்ஸ்கிரிப்ஷனுக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே, தம்பி. பிளஸ் டூ பாடநூலில் படியெடுத்தல் என்றுதான் நடத்துகிறேன். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவது. அதிலும் பிழை வரும், ஆனால் அதைத் தேடல் பெட்டியில் எப்படித் தேடுவீர்கள் என்றுதான் புரியவில்லை.

---

அனுப்புநர்: நிரலர்

டீச்சர், இது வேறு டிரான்ஸ்கிரிப்ஷன். இவர் சொல்வது பேச்சை எழுத்தில் இறக்குவது. படியெடுத்தலை உங்கள் பாடத்துக்கே விட்டுவிடுவோம், குழப்பம் வேண்டாம்.

ஏரிக்கரை, எழுத்துப்படி நல்ல சொல்தான். ஆனால் வெறும் எழுத்து தேடலுக்குப் போதாது, ஒவ்வொரு வரிக்கும் நேரம் ஒட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் வரியைச் சொடுக்கினால் ஒலி அந்த இடத்துக்குத் தாவும். உங்கள் கோப்பில் ஒரு வரியை அப்படியே ஒட்டுங்கள், பார்ப்போம்.

---

அனுப்புநர்: ஏரிக்கரை

நேரம் இருக்கிறது. என்னைப் பாடாய்ப் படுத்திய வரியையே தருகிறேன்:

```
00:31:07.000 --> 00:31:12.500
கலிங்கம் உடைஞ்சா ஊருக்குள்ள தண்ணி வரும்
```

பெரியவர் சொன்னது கலிங்கு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். மென்பொருளுக்கு அந்தச் சொல் பழக்கமில்லைபோல. கலிங்க நாட்டையே உடைத்து ஊருக்குள் தண்ணீர் விட்டுவிட்டது! அதே பதிவில் தூம்பு என்று வந்த இடமெல்லாம் தும்பு ஆகியிருக்கிறது. மதகு மட்டும் தப்பித்தது.

சிரிப்பாக இருந்தாலும் விஷயம் கொஞ்சம் மோசம். கலிங்கு என்று தேடினால், முடிவு எதுவும் இல்லை என்று பெட்டி சொல்கிறது. தேடியவர் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

---

அனுப்புநர்: சுவடிக்காரர்

அன்பர்களே, புதுச்சொல் எதற்கு? ஏடு பார்த்தவர்களிடம் எல்லாம் இருக்கிறது. பழைய சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகாரமும் ஒரே கொம்புதான். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். படியெடுத்தவர் மாற்றிப் படித்து எழுதியதால் வந்ததுதான் பாடபேதம். உங்கள் கலிங்கமும் பாடபேதமே. சொல்லை விட்டுவிட்டால் விடுபாடு, இல்லாததைச் சேர்த்தால் இடைச்செருகல்.

---

அனுப்புநர்: நிரலர்

ஐயா, கடைசி இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாடபேதம்தான் இடிக்கிறது. இரண்டு சுவடிகள் வேறுபடும்போது எது மூலம் என்று தெரியாமல் இரண்டையும் மதித்துக் குறிப்பதல்லவா பாடபேதம்? இங்கே மூலம் ஒலியாகக் கையிலேயே இருக்கிறது. கலிங்கம் என்பது இன்னொரு பாடம் இல்லை, தப்பு. ஏடெழுதியவர் கண்ணால் ஏமாந்தார், இது காதால் ஏமாறுகிறது. செவிப்பிழை என்று வைக்கலாமே.

ஏரிக்கரைக்கு ஒரு வேலைக் குறிப்பு. தேடும்போது கலிங்கு என்று முழுதாகக் கொடுக்காமல் உகரத்தை விட்டுவிட்டுத் தேடிப்பாருங்கள்:

```
grep -n "கலிங்க" *.vtt
```

யூனிகோடில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால் தனி எழுத்தாக வருவதால் இது கலிங்கு, கலிங்கில், கலிங்கை எல்லாவற்றையும் பிடிக்கும். உங்கள் கலிங்கமும் மாட்டும். தூம்புக்கு இது உதவாது, பிழை முதலெழுத்திலேயே வந்துவிட்டது. அதற்குத் தும்பையும் தேடலில் இணைச்சொல்லாகச் சேர்க்கவேண்டியதுதான்.

---

அனுப்புநர்: சமையல் சேனல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பகுதிக்குறி என்றதும் என் கதை ஞாபகம் வந்தது. யூடியூபில் விளக்கப்பெட்டியில் நேரம் எழுதி, பக்கத்தில் தமிழில் தலைப்பும் போட்டேன். பகுதிகளாகப் பிரியவே இல்லை. தமிழில் எழுதினால் வராது என்று தோழி சொன்னாள். அப்படியா?

---

அனுப்புநர்: நிரலர்

தமிழ் தடையே இல்லை, அம்மா. முதல் நேரத்தை என்ன போட்டீர்கள்? முதல் குறி 0:00 ஆகத்தான் இருக்க வேண்டும். குறைந்தது மூன்று குறிகள் ஏறுவரிசையில் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 நொடியாவது ஓட வேண்டும்.

---

அனுப்புநர்: சமையல் சேனல்

0:45. வணக்கம் சொல்வதை எதற்குத் தனிப் பகுதியாகக் காட்டுவது என்று விட்டுவிட்டேன்! சரி, மாற்றிவிடுகிறேன்.

---

அனுப்புநர்: ஏரிக்கரை

இந்தக் குறுக்குப் பேச்சு எனக்கு உதவியது. பகுதித் தலைப்பை நானே கையால் எழுதுகிறேன், அதில் செவிப்பிழை வராது. 31ஆவது நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் "கலிங்கு உடைந்த வருஷம்" என்று ஒரு குறி வைத்து, தேடல் பெட்டி தலைப்பையும் பார்க்கும்படி செய்தேன். எழுத்துப்படி தப்பாக இருந்தும் ஆள் சரியான இடத்துக்குப் போய்விடுகிறார்.

இன்னொன்று. ஏரிச் சொற்களின் பட்டியலை மென்பொருளுக்கு முன்கூட்டியே கொடுத்தேன். தொடக்கத்தில் கலிங்கு சரியாக வந்தது, போகப்போகப் பழையபடி ஆகிவிட்டது. ஏன்?

---

அனுப்புநர்: நிரலர்

விஸ்பர் வகை மாதிரியாக இருந்தால் அப்படித்தான் ஆகும். ஒலியை 30 நொடித் துண்டுகளாக எடுத்துத்தான் அது கேட்கும். பட்டியல் நேராகப் போவது முதல் துண்டுக்குத்தான். அதன்பின் தான் முன்பு எழுதியதையே துணையாகக் கொள்ளும். பட்டியலுக்கு இட அளவும் உண்டு, தமிழ் அதை வேகமாகத் தின்றுவிடும். ஒலியைப் பகுதிவாரியாக வெட்டி, ஒவ்வொன்றோடும் ஏழெட்டுச் சொற்களைக் கொடுத்துப் பாருங்கள்.

கலிங்கமாவது கண்ணில் பட்டது. விடுபாடு படாது. ஒரு வரி முடியும் நேரத்துக்கும் அடுத்த வரி தொடங்கும் நேரத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரிந்தால் அங்கே போய்க் கேளுங்கள். ஒரே வரி அடுத்தடுத்து நாலைந்து முறை வந்தால் அது பெரும்பாலும் இடைச்செருகல். யாரும் பேசாத இடத்தில் அது பேசும்.

---

அனுப்புநர்: விலங்கியல் டீச்சர்

இப்போது புரிகிறது. ஆனால் இடைச்செருகல் என்றால் ஒருவர் வேண்டுமென்றே நுழைத்தது போல இருக்கிறதே. மென்பொருளுக்கு ஏது உள்நோக்கம்? இட்டுக்கட்டு என்றாலும் அதே சிக்கல்தான். வெற்றொலிப் பிழை என்று சொல்லலாமா?

---

அனுப்புநர்: சுவடிக்காரர்

செவிப்பிழைக்கு ஒப்புக்கொள்கிறேன். இடைச்செருகலை விடமாட்டேன். ஓரத்தில் எழுதிய குறிப்பைப் பாட்டென்று நினைத்து உள்ளே சேர்த்த ஏடெழுதிகளும் உண்டு. அவர்களுக்கு என்ன உள்நோக்கம்?

---

அனுப்புநர்: ஏரிக்கரை

இன்றைக்கு இப்படிப் போட்டிருக்கிறேன்: எழுத்துப்படி, பகுதிக்குறி, செவிப்பிழை, விடுபாடு. ஐந்தாவது பற்றி நீங்கள் பேசி முடியுங்கள். மென்பொருள் எழுதியதற்கும் நான் கேட்டுத் திருத்தியதற்கும் ஒரே பெயர் வேண்டாம் என்று, திருத்தாதவற்றின் தலையில் "கரட்டுப்படி" என்று எழுதிவிட்டேன். 14இல் இரண்டுதான் திருத்தியாகியிருக்கிறது. தூம்பு பற்றி விவரம் தெரிந்தவர்கள் யாராவது மூன்றாவது பதிவைக் கேட்டுப் பார்க்க முடியுமா? 12ஆவது நிமிடத்தில் பெரியவர் சொல்வது குமிழித்தூம்பா வேறு ஏதாவதா என்று எனக்கே காதில் சரியாக விழவில்லை.