லண்டன்ல நகை வாங்குறப்போ 375, 750, 916 முத்திரைய எப்படி கணக்கு போடுறது?

ஈஸ்ட்ஹாம் புதுசு:
வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. பொண்ணுக்கு ஒரு சங்கிலி பாத்தோம், 24 கிராம், கொக்கி பக்கத்துல 375னு அடிச்சிருக்கு, கடைக்காரர் நைன் கேரட்ங்கறார், ஊர்ல 916 தவிர வேற நம்பரே பாத்ததில்ல, இது தங்கம்தானா இல்ல ஏமாத்தறாங்களா?

பர்மிங்ஹாம் அக்கா:
தங்கம்தான் தம்பி, ஆனா கலப்பு ஜாஸ்தி. கேரட்டை 24ஆல வகுத்து 1000ஆல பெருக்குங்க, 9க்கு 375 வரும், 1000க்கு பதிலா 100ஆல பெருக்குனா 37.5 சதவீதம். முத்திரைல இருந்து கேரட் வேணும்னா திருப்பிப் போடுங்க, 750ஐ 24ஆல பெருக்கி 1000ஆல வகுத்தா 18. உங்க சங்கிலி சரியா 3 பவுன், அதான் 24 கிராம், அதனால கணக்கே வேணாம், எத்தன கேரட்டோ அத்தன கிராம் சொக்கத்தங்கம், இதுல 9 கிராம், இதே எடை நம்ம 22 கேரட்ல வாங்குனா 22 கிராம் இருக்கும். ஒண்ணு மட்டும் இடிக்கும், 14 கேரட்டுக்கு கணக்குப்படி 583 வரும் ஆனா முத்திரை 585னு இருக்கும், சட்டத்துல வெச்ச அளவே அதுதான், பயப்படாதீங்க.

க்ராய்டன் குமார்:
அக்கா சொல்றது கரெக்ட், நம்பர் பெருசா இருந்தா தங்கம் ஜாஸ்தி. நான் ஒரு வளையல் வாங்குனேன் 925, நம்ம 916ஐ விட மேல.

பர்மிங்ஹாம் அக்கா:
ஐயோ குமார், 925 வெள்ளி! மேல தங்க முலாம் போட்டிருப்பாங்க. ஆயிரத்துக்கு இத்தனங்கிற கணக்கு வெள்ளிக்கும் அதேதான், எந்த உலோகம்னு நம்பர் சொல்லாது, நம்பரச் சுத்தி இருக்கிற கட்டம்தான் சொல்லும். இங்க தங்கத்துக்கு மூலை வெட்டுன எட்டுமூலைக் கட்டம், வெள்ளிக்கு முட்டை வடிவம், லென்ஸ் வெச்சுப் பாருங்க. பக்கத்துல சோதிச்ச ஆபீஸ் குறியும் இருக்கணும், லண்டன்னா சிறுத்தை தலை, பர்மிங்ஹாம்னா நங்கூரம். வெறும் நம்பர் மட்டும்னா அத யார் வேணா அடிக்கலாம்.

ஹரோ வாசி:
என்ர சின்னத் தோட்டில ஒரு முத்திரையும் இல்லை, அப்ப பொய்யோ?

பர்மிங்ஹாம் அக்கா:
ஒரு கிராமுக்குக் கீழ இருந்தா இங்க முத்திரை கட்டாயமில்லம்மா. அதுக்காக அது தங்கம்தான்னும் சொல்ல முடியாது, சோதிச்சுத்தான் பாக்கணும்.

ரெடிங் ரமேஷ்:
எங்கிட்ட சென்னைல வாங்குனது இருக்கு, 22K916, ஆறு எழுத்து HUIDயும் இருக்கு, இங்க வித்தா முழு 916க்கு காசு தருவாங்களா?

பர்மிங்ஹாம் அக்கா:
நம்ம ஊர் முத்திரை இங்க ஹால்மார்க் கணக்குல சேராது, மெஷின்ல வெச்சுப் பாத்துட்டுத்தான் விலை சொல்வாங்க. முழுசா தருவாங்களான்னு வித்தவங்க யாராச்சும் வந்து சொல்லட்டும்.

ஈஸ்ட்ஹாம் புதுசு:
அப்ப கடைல சொன்ன விலைய 24ஆல வகுக்காம 9ஆல வகுத்துப் பாக்கணுமா அக்கா?

பர்மிங்ஹாம் அக்கா:
ஆமா, 9ஆல வகுத்து அன்னிக்கு 24 கேரட் கிராம் ரேட்டோட வெச்சுப் பாருங்க. மேல நிக்கறதுதான் செய்கூலி, வரி, கடை லாபம் எல்லாம், அது உங்களுக்கு கட்டுபடியானா வாங்குங்க.