புதுப்பிப்பு: பேராதனைக் கால்நடை வைத்தியப் பட்டத்துடன் ஆஸ்திரேலியாவில் பதிவு

அன்று நான் கேட்டது: "இங்கே பதிவு இருக்கிறது, அங்கே போய் நேரே வேலை செய்யலாமா?"

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. கொழும்பில் இருந்தபடியே முதற்கட்டத்தை முடித்துவிட்டேன்.

மெல்பேர்னில் இருக்கும் அக்கா சொன்னதே சரி. நேரே வேலை செய்ய முடியாது. முதலில் தகுதி மதிப்பீடு, பின் ஆஸ்திரலேசியக் கால்நடை வைத்தியப் பரீட்சையின் பல்தேர்வு வினாப் பகுதி, அதன்பின் ஆஸ்திரேலியாவில் நடக்கும் செய்முறைப் பகுதி, இவற்றில் தேறிய பிறகே மாநிலக் கால்நடை வைத்தியச் சபையில் பதிவு கோரலாம். "பொதுநலவாய நாட்டுப் பட்டம் செல்லும்" என்ற அண்ணன் பாதி சரி: பிரித்தானிய, தென்னாபிரிக்கப் பட்டங்களுக்குப் பரீட்சையின்றி வழி உண்டு, நம்முடையதற்கு இல்லை. மருமகனின் எம்பிபிஎஸ் அனுபவத்தை எழுதியவருக்கும் நன்றி, ஆனால் அது மனித வைத்தியத்துக்கான வேறு பாதை.

நான் எதிர்பாராதது பெயர்ச் சிக்கல். பட்டச் சான்றிதழில் தந்தையார் பெயர் முதலெழுத்தாக மட்டும் இருக்க, கடவுச்சீட்டில் அது முழுமையாக இருந்ததால், இரு பெயர்களும் ஒருவருடையவையே எனச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியதாயிற்று. அதற்குள், நான் அவசரப்பட்டு முதலிலேயே எடுத்து வைத்த, இங்குள்ள பதிவில் குறையேதும் இல்லை எனக் காட்டும் நன்னிலைச் சான்றிதழ் பழையதாகிவிட்டது. ஆகவே அதைக் கடைசியாகக் கோருங்கள். ஐஇஎல்டிஎஸ் பெறுபேறும் 2 ஆண்டுகளே செல்லும் என்பதால், அதையும் முந்தி எழுதிவிடாதீர்கள்.

செய்முறைப் பகுதி இன்னும் மீதம். அங்கே குதிரையைக் கையாளவும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கோ வெலிசறைப் பக்கத்துப் பசுக்களும் வீட்டு நாய்களும்தான் பழக்கம். கொழும்பில் பயிற்சிக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.