ஆர்.சி. படத்தைப் போட்டேன், என் வண்டியை வேறொருவர் விற்கப் பார்த்தார்

சுபா: ஆறு வருடம் ஓட்டிய 110 சிசி ஸ்கூட்டரை விற்க நினைத்தேன். வாங்குபவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று ஆர்.சி. புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து இணைய விளம்பரத்தில் போட்டேன். நம்பர் பிளேட், வாசல் கேட், சாவி தொங்கும் பூட்டு எல்லாமே படங்களில் தெரிந்தன. நான்காம் நாள் ஒருவர் போன் செய்து, "அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன், வண்டி எப்போது வரும்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் படங்களையும் ஆர்.சி.யையும் எடுத்து, யாரோ குறைந்த விலைக்கு இன்னொரு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். அதில் கொடுத்த போன் எண் அவர்களுடையது, ஆர்.சி.யில் இருந்த பெயர் என்னுடையது. அந்த மனிதர் அந்தப் பெயரை வைத்துத் தேடி என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். அவருடைய பணம் போனதுபோனதுதான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் பழைய பதிவை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஆர்.சி. படம் கிடையாது. "ஆர்.சி. என் பெயரில், நான்தான் முதல் உரிமையாளர், கடன் இல்லை, இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளது, அசல் தாள்களை நேரில் பார்க்கலாம்" என்று மட்டும் எழுதினேன். வண்டியைப் பற்றித்தான் நிறைய சொன்னேன். 38,000 கிலோமீட்டர் ஓடியது, பின் டயர் போன வருடம் மாற்றியது, முன் டயர் தேய்ந்திருக்கிறது, இடது பக்கப் பேனலில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல், காலையில் இரண்டாவது முறை செல்ஃப் அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும். கீறலுக்குத் தனியாக ஒரு படம். ஓடோமீட்டர் படத்தில், பக்கத்திலேயே என் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச் சீட்டு. அதன்பின் வந்த அழைப்புகள் குறைவு, ஆனால் பேசியவர்கள் கீறலையும் டயரையும் பற்றியே கேட்டார்கள்.

கணேசன்: நம்பர் பிளேட்டை நான் எப்போதும் போனிலேயே கறுப்பு மார்க்கரால் அடித்துவிடுவேன். அது போதும்.

முரளி (பழைய வண்டி வாங்கி விற்பவன்): முழுக்கப் போதாது. போனில் இருக்கும் மார்க்கர்களில் சில, பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் கொஞ்சம் ஊடுருவித் தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து வந்துவிடும். படம் எடுக்கும் முன்பே பிளேட்டின் மேல் காகிதம் ஒட்டிவிடுங்கள். ஆனால் எண்ணை எல்லோரிடமும் மறைக்கவும் கூடாது. அபராதம், இன்சூரன்ஸ் எல்லாம் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். பேசிப் பார்த்து, நேரில் வருவது உறுதியானவருக்குக் கொடுங்கள். சாவியின் பல் தெளிவாகத் தெரியும் படம் வேண்டவே வேண்டாம், அதைப் பார்த்து மாற்றுச் சாவி செய்ய முடியும். சுபா சீட்டு வைத்தது நல்ல வேலை. ஒரே ஒரு படத்தில் இல்லாமல் எல்லாப் படங்களிலும் வைத்தால், திருடுபவருக்கு எதுவும் பயன்படாது.

இன்னொன்று. வண்டியைப் பார்க்காமலே பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டு, "அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பரை அடித்தால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

ரேவதி: எனக்கு நடந்தது வேறு. ஓட்டிப் பார்க்கிறேன் என்று வந்த பையன் தன் பழைய பைக்கை நிறுத்திவிட்டுப் போனான், திரும்பவே இல்லை. நிறுத்தியிருந்ததும் திருட்டு பைக் என்று பிறகு தெரிந்தது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. யாராவது கொடுத்தீர்களா, என்ன விலை போட்டார்கள்?

சுபா: அக்கா, நான் எக்ஸ்சேஞ்ச் பக்கம் போகவில்லை, விலை தெரியாது. ஓட்டிப் பார்க்க வந்தவரின் பின்னால் நானே உட்கார்ந்து போனேன். வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைக்கவில்லை, இஞ்சினைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். நான் எழுதியபடியே இரண்டாவது முறைதான் ஸ்டார்ட் ஆனது. அவர் சிரித்துவிட்டு, "எழுதியிருந்தீர்களே" என்றார். அதற்குப் பிறகு பேரம் பத்து நிமிடம்கூட நடக்கவில்லை.

முரளி: பின்னால் உட்காருவது எல்லோருக்கும் சரிவராது. தனியாக இருக்கும் பெண் முகம் தெரியாதவருடன் போவதை நான் சொல்ல மாட்டேன். முழுப் பணத்தையும் கையில் வாங்கிக்கொண்டு ஓட்ட விடுபவர்கள் உண்டு, அதற்கு வாங்குபவர் தயங்குவார். அவர் தயங்குவதும் நியாயம்தான்.

கணேசன்: பணம் வந்துவிட்டது என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினால்?

சுபா: அதைப் பார்க்கவே வேண்டாம். வங்கி ஆப்பைத் திறந்து இருப்பு கூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். பெயர் மாற்றத்தைத் தானே முடித்துக்கொள்வதாக வாங்கியவர் சொல்லியிருக்கிறார். விற்ற தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், ஆனாலும் மாறும் வரை மனசு நிற்காது. உங்களில் யாராவது வாங்கியவருடன் கூடவே போய் மாற்றி முடித்தீர்களா?