பேசாத மகன், போர்வைக்குள் போன்: எந்தப் புத்தகத்தை வாங்குவது?

தாமிரபரணி
மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. ஆறு மாதமாக எதைக் கேட்டாலும் "ம்", "தெரியாது" என்பதுதான் பதில். இரவு ஒரு மணி வரை போர்வைக்குள் போன் வெளிச்சம். வாங்கி வைத்தால் சண்டை. போன வாரம் கதவைச் சாத்திய வேகத்தில் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது. இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் வாங்க வேண்டும் என்றால் எது?

வைகைக்கரை
ஜோனதன் ஹைட் 2024இல் எழுதிய 'தி ஆங்ஷியஸ் ஜெனரேஷன்' வாங்குங்கள் அக்கா. 16 வயதுக்கு முன் சமூக ஊடகம் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறார். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல் அதுவே சட்டம். கெடுதல் நிரூபணமாகிவிட்ட பிறகு எதற்குத் தயக்கம்? நான் என் மகளின் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பத்து நாள் அழுதாள், பிறகு பழகிவிட்டாள்.

நூலகத்து மூலை
பள்ளிகளில் ஆலோசகராகப் பதினெட்டு ஆண்டு வேலை பார்த்தவள் நான். ஹைட்டின் புத்தகம் பெற்றோர் பலர் சேர்ந்து செய்ய வேண்டியதைப் பற்றியது. ஒரு வகுப்பின் பெற்றோர் எல்லாரும் போன் கொடுப்பதைத் தள்ளிப்போட்டால் எந்தப் பிள்ளையும் தனித்து நிற்காது என்பது அதன் அடிப்படை வாதம். ஏற்கெனவே போன் வைத்திருக்கும், பேச்சையும் நிறுத்திவிட்ட பையனிடம் முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்பது வேறு கேள்வி. நிரூபணம் என்பதும் அவசரச் சொல். அதே ஆண்டு கேண்டிஸ் ஆட்ஜர்ஸ் என்ற உளவியலாளர் 'நேச்சர்' இதழில் மறுத்து எழுதினார். மனம் சோர்ந்த பிள்ளை போனுக்குள் போகிறதா, போன்தான் சோர்வைத் தருகிறதா என்பது அந்த ஆய்வுகளிலிருந்து தெளிவாகவில்லை என்பது அவர் வாதம்.

தாமிரபரணிக்கு நான் சொல்வது ராஸ் கிரீனின் 'தி எக்ஸ்ப்ளோசிவ் சைல்ட்'. 1998இல் வந்து பலமுறை திருத்தப்பட்டது. சின்ன வயதில் சட்டென்று வெடிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியதால் அதிலுள்ள கதைகளை 15 வயதுக்கு நாமே மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் முறை பொருந்தும். பெரியவர் முடிவைத் திணிப்பது முதல் வழி. இருவரும் சேர்ந்து தீர்ப்பது இரண்டாவது. இப்போதைக்கு விட்டுவைப்பது மூன்றாவது. எல்லாச் சண்டையிலும் முதல் வழியையே எடுக்கும் வீட்டில் பேச்சு செத்துவிடுகிறது.

பழைய பள்ளிக்கூடம்
அம்மா, இவை எல்லாம் அமெரிக்க வீடுகளுக்கு. அங்கே பிள்ளைக்குத் தனி அறை, பெற்றோருக்கு ஞாயிறு ஓய்வு. இங்கே ஒரே கூடத்தில் பாட்டி தொலைக்காட்சி பார்க்கிறார், மார்ச்சில் பொதுத்தேர்வு நிற்கிறது. சேர்ந்து உட்கார்ந்து தீர்த்துக்கொண்டிருக்க நேரம் எங்கே? முப்பது ஆண்டு வகுப்பில் நின்றவன் சொல்கிறேன், அந்த வயதுக்கு எல்லை தேவை.

நூலகத்து மூலை
எல்லை தேவை, ஐயா. அந்த எல்லையைச் சண்டைக்கு நடுவில் போடுவதுதான் தவறு. மொட்டை மாடியில் துணி எடுக்கும் பத்து நிமிடம் போதும், தனி அறை வேண்டாம். போன் கையில் இருக்கும்போதும், பாட்டி முன்னாலும் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான்.

"ஏன் ராத்திரியெல்லாம் போன் பார்க்கிறாய்" என்பது கேள்வியாகவே அவன் காதில் விழாது, குற்றப்பத்திரிகையாகத்தான் விழும். "பத்தரை மணிக்குப் போனை வைத்துவிட்டுப் படுப்பது உனக்குக் கஷ்டமாக இருக்கிறது போல. என்ன விஷயம்?" என்று ஒரே ஒரு சிக்கலைச் சொல்லி நிறுத்துங்கள். "தெரியாது" என்பான். காத்திருங்கள். அதன் பிறகும் வாய் திறக்கவில்லை என்றால் நீங்களே இரண்டு காரணங்களை ஊகித்துச் சொல்லிப் பாருங்கள்; தவறாக ஊகித்தால் திருத்தவாவது பேசுவான். அவன் பக்கம் முழுக்க வந்த பிறகு உங்கள் கவலையைச் சொல்லுங்கள். தீர்வு கடைசியில்தான். பெரும்பாலோர் தோற்பது எங்கே என்றால், தீர்வை மடியில் கட்டிக்கொண்டு பேசப் போகிறார்கள். பிள்ளைகள் அதை இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கடலோரம்
என் மகளுக்கு 13. அவளும் பேசுவதில்லை. அவள் போனில் என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிவிக்கும் செயலியைப் போட்டிருக்கிறேன். எந்தச் செயலி நல்லது என்று இந்தப் புத்தகங்களில் இருக்குமா? தோழிகளிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள், இரவில் சாப்பிடுவதும் இல்லை.

நூலகத்து மூலை
செயலி பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2000இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோருக்குப் பிள்ளையைப் பற்றித் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி பிள்ளை தானாகச் சொன்னது. கண்காணித்துத் தெரிந்துகொண்டது குறைவு. ரகசியமாக வேவு பார்ப்பது தெரிந்துவிட்டால் அந்தச் சொல்லும் வாயும் மூடிவிடும்.

ஆனால் சகோதரி, உங்கள் விஷயம் வேறு. அம்மாவிடம் மட்டும் பேசாத பிள்ளை அந்த வயதுக்கு உரியது. தோழிகளையும் விட்டு, சாப்பாட்டையும் விட்டால் புத்தகத்துக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

தாமிரபரணி
ஞாயிறு மாடியில் பேசிப் பார்த்தேன். "தெரியாது" என்றான். வாயை மூடிக்கொண்டு துணி மடித்தேன். ஐந்தாறு நிமிடம் கழித்து அவனே சொன்னான்: ட்யூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வருகிறான், சாப்பிட்டு முடிக்கப் பத்து. நண்பர்கள் எல்லாரும் குழுவில் பேசுவது பத்து முதல் பதினொன்று வரைதான். அதை விட்டால் மறுநாள் பள்ளியில் அவர்கள் சிரிப்பது எதற்கு என்றே புரியாதாம். நான் ஆறு மாதமாக அது விளையாட்டுச் செயலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றுக்குக் கூடத்தில் சார்ஜ் போடுவது என்று முடிவு செய்தோம். நான்கு நாள் செய்தான். ஐந்தாம் நாள் பன்னிரண்டரை.

வைகைக்கரை
அதைத்தான் அக்கா சொன்னேன். பேச்சில் அரை மணி நேரம் விட்டுக்கொடுத்தீர்கள், அதுவும் நிற்கவில்லை. காலை எத்தனை மணிக்கு எழுகிறான்?

தாமிரபரணி
ஐந்துக்கு. காலையிலும் ட்யூஷன்.

நூலகத்து மூலை
வைகைக்கரை கேட்டது சரியான கேள்வி. 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் ஆறுதான். ஆனால் பருவ வயதில் உடலின் தூக்க நேரமே பின்னால் தள்ளிப்போகிறது. ஒன்பதுக்குப் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராது. அப்படியானால் வெட்ட வேண்டியது இரவுப் போனையா, ஐந்து மணி ட்யூஷனையா?

ஐந்தாம் நாள் தவறியதைத் தோல்வி என்று நான் எடுக்க மாட்டேன். முதல் தீர்வு நிற்பது அரிது. மீண்டும் அதே கேள்வியோடு உட்கார வேண்டும் என்றுதான் கிரீனும் சொல்கிறார். அன்று என்ன நடந்தது என்று கேட்டீர்களா?

பழைய பள்ளிக்கூடம்
தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது ட்யூஷனை நிறுத்தச் சொல்வது பொறுப்பான பேச்சு இல்லை, அம்மா.

வைகைக்கரை
ட்யூஷன் விஷயத்தில் நான் ஐயா பக்கம். ஆனால் அந்தப் பத்து மணிக் குழு எனக்குத் தெரியாது. என் மகளிடம் அப்படி எதுவும் இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை.

தாமிரபரணி
ஐந்தாம் நாள் ஒரு நண்பனின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், அவனோடு பேசிக்கொண்டிருந்தானாம். கேட்டதும் சொன்னான். காலை ட்யூஷன் பற்றி என் கணவரிடம் இன்னும் பேசவில்லை. அவர் ஏற்க மாட்டார். புத்தகத்துக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன், தாழ்ப்பாளை அவனே மாற்றிவிட்டான்.